"டேட்டா மாறிடுச்சு"ன்னு மட்டும் எழுதினா அது பதில் ஆகாதுங்க

"டேட்டா டிரிஃப்ட் ஆயிருக்கு. ரீட்ரெயின் பண்ணிட்டா சரியாயிடும்."

ஓடிக்கிட்டிருக்கிற ஒரு மாடலோட துல்லியம் ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா, நிறைய டீம்ல இந்த ரெண்டு வரிதான் பதிலா வருது. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

சொன்னது பொய் இல்லை. டேட்டா மாறித்தான் இருக்கும். ஆனா எது மாறுச்சு? எவ்வளவு மாறுச்சு? துல்லியம் விழுந்ததுல எத்தனை புள்ளிக்கு அந்த மாற்றம் பொறுப்பு? மீதிக்கு யார் பொறுப்பு? இந்த நாலு கேள்விக்கும் அதுல ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவங்களால அதை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அதனால நான் அனுப்பின ஒரு மெயிலை இங்க துண்டு துண்டா போட்டு, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாடியும் என்ன வேலை இருந்துச்சுன்னு சொல்றேன். (எண்களை எல்லாம் மாத்தி, 1000 மெசேஜ்னு முழுக் கணக்கா வச்சிருக்கேன். ஆபீஸ் எண்களை வெளியில போட முடியாது. ஆனா கணக்கு போற வழி அதேதான்.)

விஷயம் இதுதான். பிராட்பேண்ட் கனெக்‌ஷன் தர்ற ஒரு கம்பெனிக்கு கஸ்டமர்கள் அனுப்பற புகார் மெசேஜ்களைப் படிச்சு, எந்த டெஸ்க்குக்குப் போகணும்னு பிரிக்கற மாடல். பில், கனெக்‌ஷன், புது இணைப்பு, மத்தவை. மொத்தம் நாலே வகை. பெரிய மாடல் ஒண்ணும் இல்லை. வார்த்தைகளை எண்ணி எடை போடற டி.எஃப்-ஐ.டி.எஃப், அதுக்கு மேல ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். ரொம்ப நாளா ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு.

எங்க டீம்ல புகார் டெஸ்க்கைப் பாத்துக்கற அக்கா ஒருத்தர் இருக்காங்க. அவங்கதான் கேட்டாங்க: "மாடல் கெட்டுப்போச்சா? பில் டெஸ்க்குக்கு சம்பந்தமே இல்லாத மெசேஜா வந்து குவியுது."

இந்தக் கேள்வியில ஒரு பெரிய துப்பு இருக்கு, கவனிச்சீங்களா? "தப்பா வருது"ன்னு அவங்க சொல்லலை. "*பில்* டெஸ்க்குக்கு குவியுது"ன்னு சொன்னாங்க. தப்பு நாலு பக்கமும் சிதறாம ஒரே பக்கம் சாஞ்சிருக்குன்னா, அதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கணும்.

மெயிலோட முதல் பத்தி:

> அக்கா, நீங்க சொன்னது சரி. முன்னாடி 1000 மெசேஜுக்கு 870 சரியான டெஸ்க்குக்குப் போச்சு. இப்ப 690தான் போகுது. மாடலோ கோடோ மாறலை. பழைய மெசேஜை இன்னைக்குக் கொடுத்தாலும் அன்னைக்குக் கொடுத்த அதே பதிலைத்தான் கொடுக்குது. மாறினது உள்ள வர்ற மெசேஜ்.

"கோடு மாறலை"ன்னு வாய்ல சொல்றது சுலபம். காட்டணும். துல்லியம் விழுந்ததும் டேட்டா மேல பழி போடறதுக்கு முன்னாடி, மெசேஜ் வந்து மாடலுக்குள்ள போற வழி உடையலையான்னு பாக்கணும். நல்ல நாள்ல வந்த மெசேஜையும், அன்னைக்கு மாடல் கொடுத்த ஸ்கோரையும் சேமிச்சு வச்சிருந்தா இது சின்ன வேலை:

```python
old = pd.read_csv("saved_scores.csv")
p = model.predict_proba(old["text"])[:, 0]
print(abs(p - old["p_bill"]).max())
```

வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்ப வழி உடையலை. (ஸ்கோரைச் சேமிச்சு வைக்காத டீம்ல இந்த ஒரு கேள்வியிலேயே ரெண்டு நாள் போயிடும். தயவுசெஞ்சு சேமிங்க.)

இந்தச் சோதனையை நான் ஏன் முதல்ல வைக்கறேன்னா, தமிழ் டெக்ஸ்ட்ல வழி உடையறது ரொம்ப சகஜம். சைகிட்-லேர்ன்ல வார்த்தையைப் பிரிக்க டீஃபால்ட்டா ஒரு பேட்டர்ன் இருக்கு: `(?u)\b\w\w+\b`. பைத்தானோட `re`-ல `\w` தமிழ் எழுத்தை ஏத்துக்கும், ஆனா புள்ளியையும் கொம்பு, கால் மாதிரி உயிர்க்குறிகளையும் ஏத்துக்காது. அந்த இடத்துலயெல்லாம் வார்த்தையை வெட்டிடும். "பில்"ங்கற வார்த்தை `ப`, `ல`ன்னு ரெண்டு தனி எழுத்தா உடையும். ஒத்தை எழுத்தை அந்த பேட்டர்ன் எடுத்துக்காது. ஆக "பில்" அப்படியே காணாமப் போயிடும்! "படம்" மட்டும் புள்ளியை இழந்து "படம"வா பிழைக்கும்.

எங்க மாடல்ல ஸ்பேஸை வச்சுத்தான் வார்த்தையைப் பிரிக்கறோம். யாராவது லைப்ரரியை மாத்தும்போது அது டீஃபால்ட்டுக்குத் திரும்பியிருந்தா, வெளியில இருந்து பாக்க அதுவும் "டேட்டா மாறிடுச்சு" மாதிரியேதான் தெரியும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. அதனாலதான் இந்த வரி மெயில்ல முதல்ல வரணும்.

சரி, அடுத்து?

அடுத்து நான் செஞ்சது மெசேஜ்களை உக்காந்து படிச்சது. கிராஃப் பாக்கலை. படிச்சேன்.

புதுசா வந்ததுல இருந்து 200 மெசேஜ், முழுக்க ராண்டமா. இந்த ராண்டம் ரொம்ப முக்கியம். "தப்பாப் போனதை மட்டும் எடுத்துப் பாப்போம்"னு ஆசை வரும். ஆனா தப்புன்னு நமக்குத் தெரியவர்றது, டெஸ்க்ல இருக்கிறவங்க வேற டெஸ்க்குக்குத் தள்ளிவிட்ட மெசேஜ் மட்டும்தான். தப்பா வந்ததையும் பொறுமையா இவங்களே பதில் சொல்லி முடிச்சிருந்தா, கணக்குல அது "சரி"ன்னு பதிவாயிடும். அதனால தள்ளிவிட்டதை நம்பாம, ராண்டமா எடுத்து நாமளே ஒவ்வொண்ணுக்கும் சரியான டெஸ்க்கை எழுதணும். பழைய 870ம் இப்படிக் கையால எழுதிப் பாத்த எண்தான். அப்பதான் ரெண்டையும் பக்கத்துல வைக்க முடியும்.

படிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல விஷயம் தெரிஞ்சுடுச்சு.

```
net varala anna 2 days ah
bill katti 3 naal aachu innum varla
rndu naala varavey ila epo seri panuvinga
```

தங்கிலீஷ்!

முன்னாடி புகார் வெப்சைட் ஃபார்ம்லயும் மெயில்லயும்தான் வரும். தமிழ் எழுத்துல கொஞ்சம், இங்கிலீஷ்ல கொஞ்சம். நடுவுல பில் பேப்பர்லயே மெசேஜ் ஆப் நம்பரை அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. நல்ல முடிவு அது. ஃபோனை எடுத்து மச்சானுக்கு டைப் பண்ற மாதிரி ஜனங்க புகாரை டைப் பண்ண ஆரம்பிச்சாங்க. மாடலைத் தொடாமலே, மாடல் பாக்கற உலகம் மாறிடுச்சு.

இங்க ஒரு பொறி இருக்கு. எங்க டாஷ்போர்டு "தமிழ் எழுத்தா, ரோமன் எழுத்தா"ன்னு மட்டும்தான் எண்ணும். அதுல ரோமன் 50 சதவீதத்துல இருந்து 75 ஆயிருந்துச்சு. அதை மட்டும் பாத்தவங்க "இங்கிலீஷ் மெசேஜ் கூடியிருக்கு"ன்னு எழுதியிருப்பாங்க. உண்மையில இங்கிலீஷ் *குறைஞ்சிருக்கு*. கூடினது ரோமன் எழுத்துல வர்ற தமிழ். எதை எண்ணறோமோ அதோட மாற்றம்தான் கிராஃப்ல தெரியும். எண்ணாம விட்டதை கண்ணாலதான் பாக்கணும்.

இப்ப மெயிலோட ரெண்டாவது பத்தி. இதுதான் இதோட உயிர்.

> மெசேஜை மூணு வகையா பிரிச்சுப் பாத்தேன். தமிழ் எழுத்துல வர்றதுல மாடல் முன்னாடியும் 92 சதவீதம் சரி, இப்பவும் 92. இங்கிலீஷ்ல முன்னாடியும் 90, இப்பவும் 90. தங்கிலீஷ்ல முன்னாடி 50, இப்ப 47. அதாவது தங்கிலீஷ்ல இது முதல்ல இருந்தே சுமார்தான். முன்னாடி 1000க்கு 100தான் தங்கிலீஷ், அதனால உங்க கண்ணுல படலை. இப்ப 1000க்கு 500.

கொஞ்சம் நிதானமா கணக்கைப் போட்டுடுவோம்.

முன்னாடி: தமிழ் எழுத்து 500, இங்கிலீஷ் 400, தங்கிலீஷ் 100. சரியாப் போனது 460 + 360 + 50. மொத்தம் 870.

இப்ப: தமிழ் எழுத்து 250, இங்கிலீஷ் 250, தங்கிலீஷ் 500. சரியாப் போனது 230 + 225 + 235. மொத்தம் 690.

180 மெசேஜ் இழந்திருக்கோம். இதுல எவ்வளவு கலவை மாறினதால? ஒவ்வொரு வகையிலயும் பழைய துல்லியத்தையே வச்சுக்கிட்டு, கலவையை மட்டும் புதுசுக்கு மாத்திப் பாருங்க: 230 + 225 + 250 = 705. ஆக 870ல இருந்து 705க்கு வந்தது, அதாவது 165, வெறும் கலவை மாறினதால. மீதி 15தான் தங்கிலீஷ்ல மாடல் இன்னும் கொஞ்சம் மோசமானதால.

180ல 165. இந்த ஒரு எண்ணை எழுதினாதான் "டிரிஃப்ட்"ங்கற வார்த்தைக்கு அர்த்தமே வருது.

அக்காவுக்கு மெயில்ல இதை இப்படிச் சொன்னேன்:

> வேகப்பந்தை நல்லா ஆடி, ஸ்பின்னுக்குத் தடுமாற ஒரு பேட்ஸ்மேனை நினைச்சுக்கோங்க. முன்னாடி பத்து ஓவருக்கு ஒண்ணுதான் ஸ்பின். இப்ப பாதி ஓவர் ஸ்பின். அவர் ஆட்டம் மாறலை, ஆனா சராசரி விழுந்துடும்.

அவங்க கிரிக்கெட் பாக்கறவங்க. இதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை.

அந்த 15ஐப் பத்தியும் ஒரு வார்த்தை. 50 சதவீதம் 47 ஆனதுக்கு கதை கட்ட ரொம்ப ஆசையா இருக்கும். "புது ஊர்க்காரங்க வந்துட்டாங்க", "புது மாதிரி புகார் வருது"ன்னு. ஆனா நான் படிச்ச 200ல தங்கிலீஷ் ஏறக்குறைய 100தான். 100 மெசேஜை வச்சு எடுத்த 47ங்கறது, ரெண்டு பக்கமும் சுமார் 10 புள்ளி ஆடக்கூடிய எண். 50க்கும் 47க்கும் வித்தியாசம் இருக்குன்னே அதை வச்சு சொல்ல முடியாது. அதனால மெயில்ல "மீதி 15க்குத் தனிக் காரணம் தேட வேண்டாம்"னு எழுதிட்டேன்.

தங்கிலீஷ் பங்கு 10ல இருந்து 50 ஆனது அப்படி இல்லை. 200 மெசேஜ்ல 50 சதவீதம்னா ஆட்டம் ஏழு புள்ளிதான். 43ன்னே வச்சுக்கிட்டாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

(இந்த இடத்துல யாராவது "பி.எஸ்.ஐ. எவ்வளவு?"ன்னு கேப்பாங்க. கடன் கொடுக்கறவங்க ஸ்கோர் கார்டைக் கண்காணிக்கப் பழக்கப்படுத்தின அளவு அது. ஒவ்வொரு வகைக்கும் புதுப் பங்குல இருந்து பழைய பங்கைக் கழிச்சு, அதை ரெண்டோட விகிதத்தின் லாக்கால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். நமக்கு 0.17 + 0.07 + 0.64, கிட்டத்தட்ட 0.89. 0.25ஐத் தாண்டினாலே பெரிய மாற்றம்னு ஒரு நடைமுறைக் கணக்கு. சரி, பெருசுதான். ஆனா பி.எஸ்.ஐ.க்கு துல்லியத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நாளைக்கே எல்லாரும் காலையில அனுப்பறதை ராத்திரியில அனுப்ப ஆரம்பிச்சா, நேரத்துக்கான பி.எஸ்.ஐ. எகிறும். மாடல் நேரத்தைப் பாக்கறதே இல்லைன்னா, ஒரு மெசேஜ்கூட இடம் மாறாது. அதனால இந்த எண்ணை மெயில்ல போட்டேன், ஆனா காரணமா போடலை. மணி அடிக்க மட்டும்தான் அது.)

சரி, அடுத்த கேள்வி. தங்கிலீஷ்னா ஏன் மாடல் தடுமாறுது? அதுவும் ஏன் *பில்* டெஸ்க்குக்கே தள்ளுது?

பழைய டேட்டாவுல 10 சதவீதம் தங்கிலீஷ் இருந்துச்சே, கத்துக்கிட்டிருக்கணுமேன்னு தோணும். கத்துக்கலை. காரணம் ஒரு சின்ன செட்டிங்: `min_df=5`. அஞ்சு மெசேஜுக்குக் குறைவா வந்த வார்த்தையை அகராதியிலேயே சேக்காதேன்னு அர்த்தம். எழுத்துப்பிழைக் குப்பையைத் தடுக்க நல்ல செட்டிங்தான். ஆனா தங்கிலீஷ்ல "சரியான ஸ்பெல்லிங்"னு ஒண்ணு இருந்தாத்தானே? `varala`, `varla`, `varalai`, `vrla`, `varavey ila`. ஒரே வார்த்தை பத்து உருவத்துல சிதறி, ஒவ்வொரு உருவமும் ரெண்டு மூணு தடவைதான் வந்து, முக்கால்வாசி அந்த வடிகட்டியில மாட்டிக்குச்சு.

மேல இருக்கிற மூணாவது மெசேஜைப் பாருங்க. `rndu naala varavey ila epo seri panuvinga`. படிச்சவுடனே நமக்குப் புரியுது, ரெண்டு நாளா நெட் இல்லாம ஒருத்தர் நொந்துபோயிருக்காரு. மாடலுக்கு? இதுல அகராதியில இருக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்லை. எல்லா இடத்துலயும் பூஜ்யம். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்ல எல்லா இன்புட்டும் பூஜ்யம்னா மிஞ்சறது ஒவ்வொரு வகைக்கும் இருக்கிற இன்டர்செப்ட் மட்டும்தான். எதுவுமே தெரியாதப்ப எந்தப் பக்கம் சாயணும்ங்கற எண் அது. எங்க பழைய டேட்டாவுல அதிகமா இருந்தது பில் புகார். அதனால அந்தப் பக்கமே சாயுது.

அக்கா சொன்ன துப்புக்கு விடை இதுதான்.

இதை உறுதி பண்ண ஒரு அழகான அடையாளம் இருக்கு. உள்ள எதுவுமே போகாத மெசேஜ் எல்லாத்துக்கும் மாடல் கொடுக்கற ஸ்கோர் ஒண்ணேதான். கடைசி தசமம் வரைக்கும் ஒண்ணு. ஸ்கோர் பட்டியலை வரிசைப்படுத்திப் பாத்தேன். நூத்துக்கணக்கான வேற வேற மெசேஜ், ஒரே எண், மறுபடி மறுபடி. அதைப் பாத்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! யாரும் லேபிள் எழுதித் தரவேண்டாம், எந்த டெஸ்க்கும் புகார் சொல்லவேண்டாம், மெசேஜ் வந்த அன்னைக்கே இது தெரியும். எண்ணவும் ரெண்டு வரி போதும்:

```python
X = vec.transform(msgs)
print((X.getnnz(axis=1) == 0).mean())
```

1000க்கு 200 மெசேஜ் இப்படி வெறுமையா உள்ள போகுது. எல்லாமே தங்கிலீஷ். இந்த 200ல நிஜமாவே பில் சம்பந்தப்பட்டது 50தான். மீதி 150ம் சம்பந்தமே இல்லாம பில் டெஸ்க் தலையில விழுது.

மிச்சம் 300 தங்கிலீஷ் மெசேஜ்ல ஏதாவது ஒரு தெரிஞ்ச வார்த்தை இருக்கு. பெரும்பாலும் இங்கிலீஷ் வார்த்தை: `net`, `bill`, `amount`. அதுல 185 சரியாப் போகுது. தப்பாப் போறதுக்கு உதாரணம் மேல இருக்கிற ரெண்டாவது மெசேஜ். `bill katti 3 naal aachu innum varla`. பில் கட்டி மூணு நாள் ஆச்சு, இன்னும் நெட் வரலைங்கறாரு. இது கனெக்‌ஷன் டெஸ்க் வேலை. மாடலுக்குப் புரிஞ்சது `bill` மட்டும். அது ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு பில் டெஸ்க்குக்குக் கிளம்பிடுது.

மெயிலோட மூணாவது பத்தி:

> இதுல ஒரு நல்ல செய்தி. மெசேஜ் எழுதற விதம்தான் மாறியிருக்கு. எந்த மெசேஜ் எந்த டெஸ்க்குக்குங்கற விதி மாறலை. "நெட் வரலை"ன்னு தமிழ்ல எழுதினாலும் `net varala`ன்னு எழுதினாலும் கனெக்‌ஷன் டெஸ்க்தான். அதனால பழைய லேபிள் எதுவும் வீணாகலை.

இந்த வரி ஏன் அவசியம்னா, டிரிஃப்ட்ங்கற ஒரே பேர்ல ரெண்டு வேற வேற வியாதியைச் சொல்றாங்க. உள்ள வர்றது மாறி, சரியான பதிலுக்கான விதி மாறாம இருந்தா அது கோவேரியேட் ஷிஃப்ட். ஷிமொதைராங்கற ஜப்பானியப் புள்ளியியலாளர் 2000ல எழுதின கட்டுரையில இதுக்கு ஒரு வைத்தியமும் இருக்கு: பழைய டேட்டாவுக்கே புது விகிதத்துல எடை கொடு. நாளைக்கு கம்பெனி "இனிமே வீடு மாத்தறவங்க புகாரை கனெக்‌ஷன் டெஸ்க் பாக்கும்"னு முடிவு பண்ணினா, அது வேற. அங்க மெசேஜ் அப்படியே இருக்கும், சரியான பதில் மாறிடும். அதுல பழைய லேபிளை வச்சு ரீட்ரெயின் பண்ணினா பழைய தப்பை இன்னும் ஆழமா சொல்லிக்கொடுத்த மாதிரி.

எது உங்க கேஸ்னு தெரிஞ்சுக்க ஒரே கேள்வி போதும். பழைய மெசேஜ் ஒண்ணை எடுத்து, இன்னைக்கு டெஸ்க்ல இருக்கிறவங்ககிட்ட கொடுத்து, "இது யாருக்கு?"ன்னு கேளுங்க. அன்னைக்கு எழுதின லேபிளே வந்தா விதி மாறலை.

அடுத்து வைத்தியம். நான் முதல்ல முயற்சி பண்ணினது அந்த எடை வழிதான். கையில இருக்கிற டேட்டாவே போதும், செலவு இல்லை. தங்கிலீஷ் 10ல இருந்து 50 ஆச்சு, அதனால ஒவ்வொரு பழைய தங்கிலீஷ் மெசேஜுக்கும் 5 மடங்கு எடை. தமிழ் எழுத்து 50ல இருந்து 25, அதனால பாதி எடை. `sample_weight`ல கொடுத்தா முடிஞ்சுது.

பெரிசா ஒண்ணும் ஏறலை. யோசிச்சா நியாயம்தான். பழைய டேட்டாவுல வராத ஸ்பெல்லிங்குக்கு எத்தனை மடங்கு எடை கொடுத்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். புது உலகத்துல இருக்கிறது பழைய டேட்டாவுல கொஞ்சமாவது இருந்தாதான் எடை வேலை செய்யும்.

அப்புறம், ரோமனைத் தமிழ் எழுத்துக்கு மாத்திட்டு பழைய மாடலுக்கே கொடுத்துடலாமான்னு பாத்தேன். கேக்க நல்லா இருக்கு. ஆனா `palam`னு வந்தா அது பழமா, பலமா, பாலமா? `l` ஒண்ணே ல, ள, ழ மூணுக்கும் நிக்குது. நெடில் குறில் எழுத்துல தெரியறதில்லை. அதோட நடுவுல வர்ற `net`, `amount` எல்லாம் தமிழ் எழுத்துக்கு மாறி, ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தையும் தெரியாமப் போயிடுச்சு. விட்டுட்டேன்.

வேலை செஞ்சது வார்த்தையை விட்டு எழுத்துத் துணுக்குக்கு இறங்கினது:

```python
TfidfVectorizer(analyzer="char_wb", ngram_range=(2, 5))
```

இதுல `varala`, `varla`, `varalai` மூணும் வேற வேற வார்த்தை கிடையாது. மூணுலயும் `var` இருக்கு, `la` இருக்கு. ஒண்ணைக் கத்துக்கிட்டா மத்ததுலயும் பாதி கை கொடுக்கும். `vrla` மாதிரி உயிரெழுத்தை முழுங்கினதுல `var` போயிடும், `la` மாதிரி சில துணுக்குதான் மிஞ்சும், அங்க இதுவும் தடுமாறும். அகராதி பல மடங்கு பெருகும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கணும்.

இதுக்கும் புது தங்கிலீஷ் லேபிள் வேணும். "நெட்ல தங்கிலீஷ் டேட்டா கிடைக்குமே"ன்னு கேப்பீங்க. கிடைக்குது. 2020ல வெளியான ஒரு தொகுப்புல 15,744 தமிழ்-இங்கிலீஷ் கலப்பு யூடியூப் கமென்ட்டுகள் இருக்கு. ஸ்பெல்லிங் எத்தனை விதமா வருதுன்னு பாக்க அருமையான இடம். ஆனா அது படத்தோட டிரெய்லருக்குக் கீழ எழுதின விமர்சனம். நம்ம ஆளு ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுதுன்னு எழுதறாரு. அதை வச்சுப் பயிற்சி கொடுத்தா, ஒரு டிரிஃப்டை சரி பண்ண இன்னொரு டிரிஃப்டை நாமளே கொண்டுவந்து வச்ச மாதிரி. நம்ம மெசேஜுக்கு நம்மளேதான் லேபிள் எழுதணும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. "புது டேட்டா மட்டும் போதும், பழசைத் தூக்கிப் போடு"ன்னு சிலர் சொல்வாங்க. பாதி மெசேஜ் இன்னும் தமிழ் எழுத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் வருது. அதுல 92ம் 90ம் வாங்கறது அந்தப் பழைய டேட்டாவாலதான். அதனால புது மாடலை ஒரே மொத்த எண்ணால மதிப்பிடாம, மூணு வகையிலயும் தனித்தனியா பாக்கணும். பயிற்சியில சேக்காத, அதுக்குப் பிந்தின வாரத்து மெசேஜ்லதான் பாக்கணும். தங்கிலீஷ்ல ஏறி தமிழ் எழுத்துல இறங்கினா அந்த மாடல் வெளியில போகாது.

லேபிள் எழுத நாள் ஆகும். அதுவரைக்கும் பில் டெஸ்க்ல இருக்கிறவங்க நிலைமை? மெயிலோட கடைசிப் பத்தி அதுக்குத்தான்:

> நாளையில இருந்து, மாடலுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத மெசேஜை அது பிரிக்காது. நேரா ஆள் பாக்கற வரிசைக்கு வந்துடும். 1000க்கு சுமார் 200 வரும். இதுக்கு உங்களுக்கு ஆள் நேரம் ஆகும், அதை மறைக்க விரும்பலை. பதிலுக்கு, பில் டெஸ்க்குக்குத் தப்பா போற 150 மெசேஜ் நிக்கும். மாடல் பிரிக்கற மீதி 800ல 640 சரியா இருக்கணும், அதாவது 80 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு மறுபடி 200 மெசேஜை ராண்டமா எடுத்து ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம். 80 கிட்ட வரலேன்னா, நான் சொன்ன காரணம் முழுசு இல்லைன்னு அர்த்தம். அப்ப மறுபடி தேடறேன்.

80ங்கறது எங்கிருந்து வந்துச்சு? 690ல, வெறுமையான மெசேஜ்ல குருட்டாம்போக்குல சரியான 50ஐக் கழிச்சா 640. அதை மிச்சம் இருக்கிற 800ஆல வகுத்தா 80. பழைய 87 இல்லைங்கறதையும் அக்கா இதுலயே பாத்துக்கலாம். நம்மகிட்ட இருக்கிற தற்காலிக வழி எவ்வளவு தூரம் போகும்னு எண்ணாவே சொல்லிடுது.

அனுப்பினதும் அக்காவோட பதில் வந்துச்சு. ஒரே கேள்வி: "200 பேரை யார் பாப்பா, சாயங்கால ஷிஃப்ட்டா?" அவ்வளவுதான். "டிரிஃப்ட்னா என்ன?"ன்னு கேக்கலை, "ரீட்ரெயின் எப்ப முடியும்?"னும் கேக்கலை. மெயிலைப் படிச்சு முடிச்ச கையோட அவங்க ஆளைப் பங்கு போட ஆரம்பிச்சுட்டாங்க.

நீங்களும் இப்படி ஒரு மெயில் எழுதவேண்டி வந்தா, மத்தது எதை விட்டாலும் அந்தக் கடைசிப் பத்தி மாதிரி ஒண்ணை விடாதீங்க. உங்க விளக்கம் உண்மைன்னா அடுத்த வாரம் எந்த எண் எவ்வளவு ஆகணும்னு முன்கூட்டியே எழுதி அனுப்புங்க. அந்த எண்ணை எழுத முடியலைன்னா, காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கலைன்னுதான் அர்த்தம். திரும்பப் போய் இன்னொரு 200 மெசேஜைப் படிங்க.